தசை சுருங்குவதைக் காட்ட எந்த ஸ்லைடு? ஒரு செய்முறை வகுப்புக்கான தேர்வு

மூன்று மணி நேர வகுப்பு, இருபது மாணவர்கள், 40 மடங்கு லென்ஸ் பொருத்திய சாதாரண நுண்ணோக்கிகள், அவற்றில் சிலவற்றில் மட்டும் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ். சிங்கப்பூரின் பாலிடெக்னிக் ஆய்வுக்கூடங்களில் தசைப் பாடத்திற்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் கிடைக்கும். சார்கோமியர் படத்தை மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவார்கள். ஏ பட்டை மாறாது, ஐ பட்டை குறுகும், எச் வலயம் மறையும் என்று ஒப்பிக்கவும் செய்வார்கள். அந்தப் படத்தையும் லென்ஸுக்குக் கீழே தெரியும் கோடுகளையும் அவர்கள் மனத்தில் இணைக்க எந்தப் பொருளை வாங்குவது, எதைத் தயாரிப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: சாயமேற்றிய ஆயத்த ஸ்லைடு, சந்தையில் வாங்கிய புதுக் கோழித் தசை, கிளிசராலில் ஊறிய தசை இழையும் ஏடிபியும், நரம்பு–தசைச் சந்திப்பையோ இழை வகைகளையோ காட்டும் சிறப்புச் சாய ஸ்லைடுகள். பெரும்பாலான இடங்களில் முதலாவதை மட்டும் வாங்கி வகுப்பை முடித்துவிடுகிறார்கள். மூன்றாவதை நடுவில் வைத்து மற்றவற்றை அதற்குத் துணையாக நிறுத்துவதே சரி என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணத்தைச் சில அளவுகளிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

எதைப் பார்க்க முடியும், எதை முடியாது

முயல் தசையை எடுத்துக்கொள்வோம். தடித்த இழையின், அதாவது மயோசினின் நீளம் 1.6 மைக்ரான். ஏ பட்டையின் அகலமும் அதுவே. இசட் கோட்டிலிருந்து இரு பக்கமும் நீளும் மெல்லிய இழை, அதாவது ஆக்டின், ஏறக்குறைய 1.1 மைக்ரான். சார்கோமியர் 2.4 மைக்ரானாக இருக்கும்போது ஐ பட்டை 0.8 மைக்ரான், எச் வலயம் 0.2 மைக்ரான். அதே சார்கோமியர் 2.0 மைக்ரானாகக் குறுகினால் ஐ பட்டை பாதியாகி 0.4 ஆகிவிடும், எச் வலயம் இருக்காது.

இப்போது லென்ஸைப் பாருங்கள். எண் துளை 0.65 உள்ள 40 மடங்கு லென்ஸ், பச்சை ஒளியில் சுமார் அரை மைக்ரான் இடைவெளியைத்தான் பிரித்துக் காட்டும். எண் துளை 1.25 உள்ள எண்ணெய் லென்ஸ் கால் மைக்ரானுக்குச் சற்று மேல் வரை போகும். ஆகவே தளர்ந்த தசையின் ஐ பட்டையை 40 மடங்கில் பார்க்கலாம். சுருங்கிய தசையின் ஐ பட்டைக்கு எண்ணெய் லென்ஸ் வேண்டும். எச் வலயத்தைப் பார்க்க முடியும் என்று மாணவர்களிடம் வாக்குக் கொடுக்கவே கூடாது. பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எச் வலயமும் எம் கோடும் மின்னணு நுண்ணோக்கி தந்த படங்கள்.

ஒரு சார்கோமியரை மட்டும் அளந்தால் பிழை பெரிதாக இருக்கும். இருபதை வரிசையாக எண்ணி மொத்த நீளத்தை இருபதால் வகுக்க வேண்டும். இருபது சார்கோமியருக்கு 48 மைக்ரான் வந்தால் ஒன்றுக்கு 2.4. அரை மைக்ரான் தடுமாற்றம் 48 மைக்ரானில் ஒரு விழுக்காடுதான். இந்த ஒரு பழக்கத்தால் 40 மடங்கு லென்ஸே நம்பகமான அளவுகோலாகிவிடும். கண்ணாடி அளவுகோல் ஸ்லைடைக் கொண்டு முதலில் கண்வில்லை அளவுகோலைச் சரிபார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆயத்த ஸ்லைடு

ஹெமடாக்சிலின்–ஈயோசின் சாயமேற்றிய நீளவெட்டில் ஏ பட்டை அடர்ந்த இளஞ்சிவப்பாகவும் ஐ பட்டை வெளிறியும் தெரியும். உட்கருக்கள் இழையின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும். வெட்டு 5 மைக்ரான் தடிமன் என்றால் அதற்குள் பல மயோஃபைப்ரில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவற்றின் பட்டைகள் சற்றே விலகி நின்றாலும் கோடுகள் கலங்கிவிடும். மாணவர் கண்டன்சரின் துளையைக் குறுக்கி மாறுபாட்டைக் கூட்டுவார். கோடு பளிச்சென்று தெரியும், ஆனால் பிரித்துக்காட்டும் திறன் குறைந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அளவில் இருக்கிறது. மெழுகில் பொதிக்கும்போது திசு கணிசமாகச் சுருங்கும், அதனால் அந்த ஸ்லைடில் அளக்கும் சார்கோமியர் நீளம் உயிருள்ள தசையின் நீளமல்ல. அதோடு, இரு முனையும் கட்டாமல் ஃபார்மலினில் போட்ட தசை அதிலேயே சுருண்டிருக்கக்கூடும். ஒரே ஸ்லைடில் ஓர் இழையில் பட்டை அகலமாகவும் பக்கத்து இழையில் நெருக்கமாகவும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மாணவர் அதைச் சுருங்கிய இழை, தளர்ந்த இழை என்று எழுதிக் கொடுப்பார். பார்த்ததை வைத்து எழுதியதால் அவரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் நரம்பு சொல்லி நடந்த சுருக்கம் அல்ல அது.

ஆயத்த ஸ்லைடுதான் வேண்டுமென்றால் ஈயோசினை விட்டுவிட்டு இரும்பு ஹெமடாக்சிலின் சாயமேற்றிய நீளவெட்டைக் கேட்டு வாங்குங்கள். பட்டைகள் கருப்பு வெள்ளையாகப் பிரிந்து தெரியும். ஐ பட்டையின் நடுவே இசட் கோடும் எண்ணெய் லென்ஸில் கிடைக்கும்.

சந்தைக் கோழி

தேக்காவிலோ வீட்டருகே உள்ள ஈரச்சந்தையிலோ அன்று காலை வெட்டிய கோழியின் கால் போதும். உறைந்த கோழி வேண்டாம். மெதுவாக உறையும்போது உருவாகும் பனிப்படிகங்கள் இழைகளைக் கிழித்துவிடும். நீளவாட்டில் மெல்லிய துணுக்கை எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசராலில் வைத்து, இரண்டு ஊசிகளால் இழை இழையாகப் பிரிக்க வேண்டும். கண்ணுக்குத் தலைமுடியைப் போல் தெரியும் வரை பிரிப்பது முக்கியம். அவசரப்பட்டால் தடித்த கட்டிதான் மிஞ்சும், அதில் எதுவும் தெரியாது.

சாயமில்லாத இந்த இழையில் ஒரு பொறி உண்டு. குவியத்தைச் சற்றே மேலே தூக்கினால் இருண்ட பட்டை வெளுக்கும், வெளுத்தது இருளும். எது ஏ, எது ஐ என்று குவியத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத் தீர்வு இரண்டு போலராய்டு தகடுகள். ஒன்றை விளக்குக்கு மேலும் மற்றொன்றைக் கண்வில்லைக்கு மேலும் வைத்து, காட்சி முழுக்க இருளும் வரை ஒன்றைச் சுழற்றுங்கள். பிறகு இழை இரண்டு தகடுகளுக்கும் 45 பாகைச் சாய்வில் நிற்கும்படி ஸ்லைடைத் திருப்புங்கள். இருட்டில் ஒளிரும் பட்டை ஏ, இருண்டே இருக்கும் பட்டை ஐ. ஏ, ஐ என்ற எழுத்துகள் வந்ததே இந்த ஒளியியல் பண்பிலிருந்துதான். ஒரே சீராக அடுக்கப்பட்ட மயோசின் இழைகள் ஒளியை இரண்டாகப் பிரிப்பதால் ஏ பட்டை ஒளிர்கிறது. சாயம் எதுவும் இல்லாமல், இழைகளின் அடுக்கே கண்ணுக்குத் தெரியும் காட்சி இது. மலிவான வழிகளில் இதற்கு இணை இல்லை.

ஆனால் சந்தைக் கோழி விறைத்துப்போன தசை. இறந்து சில மணி நேரத்தில் ஏடிபி தீர்ந்து, மயோசின் தலைகள் ஆக்டினைப் பிடித்தபடியே நின்றுவிடும். அமைப்பைக் காட்டலாம், அசைவைக் காட்ட முடியாது.

கிளிசரால் இழையும் ஏடிபியும்

முயலின் சோவாஸ் தசையைக் குச்சியில் கட்டி, 50 விழுக்காடு கிளிசராலில் ஊறவைத்து, மைனஸ் 20 பாகைக் குளிரில் வைத்தால் செல் சவ்வுகள் செயலிழக்கும், கரையும் பொருள்கள் வெளியேறும், இழைகளின் அடுக்கு அப்படியே நிற்கும். 1954-இல் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இப்படிப்பட்ட முயல் தசையின் மயோஃபைப்ரில்களைப் பார்த்துத்தான் ஏ பட்டை மாறவில்லை என்று எழுதினார்கள். அதே ஆண்டு, அதே இதழில், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேவும் உயிருள்ள தவளை இழையில் அதையே காட்டினார்கள். ஆக, வகுப்பில் செய்யப்போவது அந்தச் சோதனையின் எளிய வடிவம்.

ஆயத்தமாக விற்கும் பெட்டியில் இழைக் கட்டு, 0.25 விழுக்காடு ஏடிபி கரைசல், பொட்டாசியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் கலந்த உப்புக் கரைசல் ஆகியவை இருக்கும். இழையை 2 சென்டிமீட்டராக வெட்டி, 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போகாத தடிமனாகப் பிரித்து, ஸ்லைடில் நேராக வைத்து, நீளத்தைக் குறித்துக்கொண்டு, ஏடிபியும் உப்பும் கலந்த சொட்டை விட வேண்டும். அரை நிமிடத்தில் 20 மில்லிமீட்டர் இழை 12-க்கு வந்துவிடும். மாணவர்கள் வாய்விட்டுக் கூவும் தருணம் இதுதான்.

இதற்குப் பிறகுதான் பெரும்பாலான வகுப்புகள் தடம் புரள்கின்றன. சுருங்கிய இழையை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தால் பட்டையே தெரியாது. இழை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2.4 மைக்ரான் சார்கோமியர் 40 விழுக்காடு குறுகினால் 1.44. தடித்த இழையே 1.6 மைக்ரான் நீளம். ஐ பட்டை முழுக்க மறைந்து, தடித்த இழையின் நுனிகள் இசட் கோட்டில் மோதி நசுங்கியிருக்கும். எதிர்சுமை இல்லாத இழை இப்படித்தான் எல்லை மீறிச் சுருங்கும். எலும்போடு கட்டுண்ட தசை உடலில் இவ்வளவு தூரம் போகாது.

ஆகவே சுருக்கத்தைப் பாதியில் நிறுத்த வேண்டும். 20 மில்லிமீட்டர் இழையின் இரு நுனிகளையும் வடிதாளால் ஒற்றி, ஸ்லைடில் 17 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி உடனடிப் பசையால் ஒட்டுங்கள். நடுவில் இழை லேசாகத் தொய்ந்து கிடக்கும். ஏடிபி விட்டதும் தொய்வு நீங்கி விறைப்பாக நிற்கும், அதற்கு மேல் குறுக வழியில்லை. சார்கோமியர் சராசரியாக 2.04 மைக்ரானில் நிற்கும். ஏடிபி தீர்ந்ததும் தலைகள் ஆக்டினைப் பிடித்தபடி பூட்டிக்கொள்ளும், அதனால் மூடுகண்ணாடி வைத்து எண்ணெய் லென்ஸில் நிதானமாகப் பார்க்கலாம். எல்லாச் சார்கோமியரும் ஒரே அளவில் நிற்காது. ஓரங்களில் சில நீண்டும் நடுவில் சில அதிகம் குறுகியும் இருக்கும். மூன்று இடங்களில் இருபது இருபதாக எண்ணச் சொல்லுங்கள். ஏடிபி விடாத இழையில் 2.4, விட்ட இழையில் 2.0-ஐ ஒட்டிய எண், இரண்டிலும் போலராய்டில் ஒளிரும் பட்டை ஏறக்குறைய ஒரே அகலம், நடுவே உள்ள இருண்ட பட்டை பாதி. இந்த நான்கையும் மாணவர் தம் கையால் எழுதிவிட்டால் பாடப்புத்தகப் படம் அவருடையதாகிவிடும்.

தோல்விகளுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. இழை தடிமனாக இருந்தால் ஏடிபி உள்ளே போய்ச் சேர்வதற்குள் வெளி இழைகள் அதைத் தீர்த்துவிடும். வெளிப்புறம் மட்டும் சுருங்கி இழை முறுக்கிக்கொள்ளும். இரண்டாவது, ஏடிபி கரைசல் அறைச் சூட்டில் கிடந்து சிதைந்திருக்கும். வகுப்பன்று காலை புதிதாகக் கரைத்து, பனிக்கட்டி மேல் வையுங்கள்.

பெட்டி கற்றுத்தரும் ஒரு தவறு

இந்தச் சோதனையை மட்டும் செய்து முடிக்கும் மாணவர்களிடம், உடலில் தசையைச் சுருங்கச் சொல்வது எது என்று கேட்டால் ஏடிபி என்பார்கள். கண்ணால் பார்த்தது அதுதானே. உயிருள்ள இழையில் ஏடிபி எப்போதும் இருக்கிறது. கட்டளை கால்சியத்தின் வழியாக வருகிறது. கால்சியம் ட்ரோபோனினில் ஒட்டினால்தான் ஆக்டின் மேல் தலைகள் பிடிக்க இடம் திறக்கும். பெட்டியில் கால்சியம் என்று எழுதிய குப்பி இல்லாமலே சுருக்கம் நடப்பதற்கு, தண்ணீரிலும் இழையிலும் கலந்திருக்கும் சொற்பக் கால்சியமே போதும்.

இதைத் திருத்த மூன்றாவது கரைசல் ஒன்று வேண்டும்: அதே ஏடிபி, 5 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 5 மில்லிமோலார் இஜிடிஏ, பிஎச் 7. இஜிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியத்தைப் பிடிக்கும்போது அமிலம் வெளியேறும், அமிலச் சூழலில் அதன் பிடி தளரும், அதனால் தாங்கல் கரைசலில் கலந்து பிஎச் சரிபார்க்க வேண்டும். இந்தக் கரைசலைச் சொட்டினால் இழை சுருங்காது. விறைத்திருந்த இழை நெகிழ்ந்து, ஊசியால் இழுத்தால் நீளும். இழை மிக மெல்லியதாக இருப்பது இங்கே இன்னும் அவசியம். தடித்த இழையின் நடுவில் ஏடிபி தீர்ந்தால், விறைத்த தலைகளே கால்சியம் இல்லாமலும் ஆக்டினைத் திறந்துவிட்டு லேசான சுருக்கத்தைக் காட்டும், மாணவர் குழம்புவார்.

ஏடிபி மட்டும் இருந்தால் தளர்வு, ஏடிபியும் கால்சியமும் சேர்ந்தால் சுருக்கம், இரண்டும் இல்லையென்றால் விறைப்பு. மூன்று ஸ்லைடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது பேச்சில்லாமலே புரியும்.

நரம்பு வந்து சேரும் இடம்

அப்படியானால் கால்சியத்தை அவிழ்த்துவிடுவது யார் என்று அடுத்த கேள்வி தானாக எழும். அப்போதுதான் நரம்பு–தசைச் சந்திப்பு ஸ்லைடை மேசையில் வைக்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. தங்கக் குளோரைடு சாயமேற்றிய ஒரே ஒரு நல்ல ஸ்லைடு, ஆசிரியர் மேசையில் 10 மடங்கில் குவியம் வைத்தபடி இருந்தால் போதும். கருஞ்சிவப்பு நரம்பிழை கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் ஒரு தசை இழையின் மேல் சிறு கொத்தாக முடியும். ஓர் இழைக்குப் பெரும்பாலும் ஒரே கொத்துதான், அதுவும் நீளத்தின் நடுப்பகுதியில். ஒரு நரம்பிழை எத்தனை தசை இழைகளுக்குப் போகிறதோ அதுவே ஓர் இயக்க அலகு. கண் தசையில் அது பத்தளவில் நிற்கும், கெண்டைக்காலில் ஆயிரத்தைத் தாண்டும்.

இந்த ஸ்லைடின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கொத்துக்குள் தெரியும் சிறு கரும்புள்ளிகளை அசெட்டைல்கோலின் பைகள் என்று மாணவர்கள் குறித்துவிடுவார்கள். அந்தப் பை 50 நானோமீட்டர், நரம்புக்கும் தசைக்கும் இடையிலான இடைவெளியும் ஏறத்தாழ அதே. எண்ணெய் லென்ஸின் எல்லையைவிட ஐந்து மடங்கு சிறியது. அந்த இரண்டுக்கும் மின்னணு நுண்ணோக்கிப் படம் ஒன்றை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். சந்திப்பில் கிளம்பும் மின் அலை சவ்வு வழியே ஓடி டி குழாய்களில் இறங்கும் என்பதைச் சொல்லும்போது, பாலூட்டிகளில் அந்தக் குழாய்கள் ஏ–ஐ எல்லையில் இருக்கின்றன என்றும் சொல்லுங்கள். மாணவர் சற்று முன் போலராய்டில் பார்த்த அதே எல்லை அது.

இழை வகைகளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்

இங்கே எங்கள் யோசனை சிக்கனம். வேக இழையும் மெதுவிழையும் ஹெமடாக்சிலின்–ஈயோசினில் ஒன்றுபோலவே இருக்கும். பட்டைகளின் அகலத்தைக் கொண்டும் பிரிக்க முடியாது. வேகத்தை முடிவு செய்வது மயோசின் தலை ஏடிபியை எவ்வளவு விரைவாகப் பிளக்கிறது என்பதுதான். அதைக் காட்டும் ஏடிபியேஸ் சாயத்துக்கு நொதி உயிரோடு இருக்க வேண்டும். மெழுகில் பொதித்த திசுவில் அது செத்துவிடும். திரவ நைட்ரஜனால் குளிர்வித்த ஐசோபென்டேனில் நொடிகளில் உறையவைத்து, 8 முதல் 10 மைக்ரான் தடிமனில் உறைவெட்டு எடுக்க வேண்டும். நேரடியாக உறைபெட்டியில் வைத்தால் இழைகளுக்குள் ஓட்டை ஓட்டையாகப் பனி குடைந்திருக்கும். சாயமேற்றும் முன் வெட்டை ஊறவைக்கும் கரைசலின் பிஎச் 9.4 என்றால் வேக இழை கருக்கும், 4.3 என்றால் மெதுவிழை கருக்கும். பிஎச் சிறிது தவறினாலும் வகைகள் குழம்பிவிடும். உறைவெட்டுக் கருவி இல்லாத ஆய்வுக்கூடம் இதில் இறங்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு வெட்டுகள் இரண்டு பிஎச்களில் சாயமேற்றப்பட்ட ஆயத்த ஸ்லைடு இணை கிடைத்தால் வாங்கலாம். ஒரே ஒரு வெட்டு மட்டும் கிடைத்தால் அது எந்த பிஎச் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லையென்றால் கருப்பு எது வெள்ளை எது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்குப் பதில், அதே சந்தையில் ஒரு கானாங்கெளுத்தி வாங்கி வாருங்கள். குறுக்கே வெட்டினால் தோலுக்கு அடியில், பக்கக் கோட்டை ஒட்டி, கருஞ்சிவப்புப் பட்டை தெரியும். அது மெதுவிழை, நாள் முழுக்க நீந்துவதற்கு. மீதி வெளிறிய சதை வேக இழை, பாய்ந்து தப்புவதற்கு. இரண்டிலிருந்தும் துணுக்கெடுத்துப் பிரித்து 10 மடங்கில் பார்த்தால் சிவப்பிழை தெளிவாக ஒல்லியாக இருக்கும். ஆக்சிஜன் நடுவரை ஊடுருவ வேண்டியிருப்பதால் அது மெலிந்திருப்பது பொருத்தம். பிறகு போலராய்டை வைத்து இரண்டிலும் சார்கோமியரை எண்ணச் சொல்லுங்கள். நிறத்திலும் பருமனிலும் இவ்வளவு வேறுபட்ட இரண்டு இழைகளிலும் ஒரே வகைப் பட்டைகள் வரிசையாக நிற்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நேரம் மிஞ்சினால் ஒன்றைச் சொல்லிவிட்டு, தங்கக் குளோரைடு ஸ்லைடுக்கு அவர்களைத் திரும்ப அனுப்புங்கள். 1960-இல் புல்லரும் ஜான் எக்கல்ஸும் அவர் மகள் ரோசமண்ட் எக்கல்ஸும் பூனையின் வேகத் தசைக்குப் போகும் நரம்பையும் மெதுத் தசைக்குப் போகும் நரம்பையும் வெட்டி மாற்றி இணைத்தார்கள். வேகத் தசை மெதுவாகியது, மெதுத் தசை வேகம் பெற்றது. இதைக் கேட்ட பிறகு அந்தக் கருஞ்சிவப்புக் கொத்தைப் பார்க்கும் மாணவர், ஒரே நரம்பிழையின் கிளைகள் போய்ச் சேரும் தசை இழைகள் எல்லாம் ஏன் ஒரே வகையாக இருக்கின்றன என்று அவராகவே கேட்பார்.